'போது' என்றாலே 'வென்' என்று எழுதிய நாட்கள்

ஜெர்மன் பயிற்சியில் "நான் சிறுவனாக இருந்தபோது" என்பதற்கு 'வென்' போட்டேன். கடந்த காலத்தில் ஒருமுறை நடந்ததற்கு 'அல்ஸ்' என்று ஆசிரியர் திருத்தினார். பல வருடம் நீடித்ததை ஒருமுறை நடந்ததாக எப்படி எண்ணுவது என்று குழம்பினேன். அப்புறம்தான் பிடிபட்டது: எத்தனை வருடம் நீடித்தாலும் சிறுவயது ஒன்றுதான். அதனால் 'அல்ஸ் இஷ் கிண்ட் வார்'.

இப்போது தமிழிலேயே சோதித்துப் பார்க்கிறேன். 'போது' இருக்கும் இடத்தில் 'போதெல்லாம்' பொருந்தினால், கடந்த காலமானாலும் 'வென்': பாட்டி வந்தபோதெல்லாம் கதை சொன்னார். பொருந்தாவிட்டால் 'அல்ஸ்'. நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒரே ஒருமுறை என்றாலும் 'வென்'தான்.

'எப்போது' என்றால் 'வன்'. "அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை" என்று கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் ஒளிந்திருந்தாலும் அதேதான். அங்கேதான் நான் அதிகம் தவறினேன்.