கவர் லெட்டர் எழுதும் முன் மூன்று கேள்விகள்

வேலைக்கான கவர் லெட்டரை எழுத உட்காரும் முன், ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எந்த நாளில் பெருமையோடு வீடு திரும்பினேன்? எந்தச் சிக்கலை நானே தீர்த்தேன்? என் வேலையைப் பற்றி யார், என்ன சொன்னார்கள்? மூன்றாவதற்கு நினைவை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் ‘நன்றி’, ‘thanks’ என்று தேடினால் மறந்துபோன பாராட்டெல்லாம் மேலே வரும்.

‘உங்கள் திறமை என்ன?’ என்று கேட்டால் மனசு ‘கடின உழைப்பாளி’ என்றுதான் சொல்லும். ‘எந்த நாள்?’ என்று கேட்டால் சம்பவம் வரும். ஜவுளிக்கடைக் கணக்காளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ‘கணக்கில் 5 வருட அனுபவம்’ என்பதை யாரும் எழுதலாம். ‘மாதாமாதம் ஸ்டாக் கணக்கு இடித்தது. திரும்பி வந்த புடவைகள் பதிவாகவில்லை என்று கண்டுபிடித்தேன், ரிட்டர்னுக்குத் தனி நோட்டு போட்டேன், அப்புறம் கணக்கு பொருந்தியது’ என்பதை அவர் மட்டுமே எழுத முடியும்.

கிடைத்ததையெல்லாம் கடிதத்தில் கொட்டாதீர்கள். விளம்பரத்தில் கேட்டிருக்கும் வேலைக்குப் பொருந்தும் ஒன்றிரண்டு போதும், மீதி நேர்காணலுக்கு உதவும். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர், விற்பனைத் தொகை போன்ற ரகசியங்களை எழுதவே கூடாது. படிவம் மட்டும் நிரப்பச் சொல்லும் அரசுத் தேர்வுகளுக்கு இது தேவைப்படாது.