ஊணா, ஊனா? ஹோட்டல் மெனு கார்டைப் புரூஃப் பார்ப்பது எப்படி

குமுளியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஹோட்டலின் தமிழ் மெனு கார்டைப் போன மாதம் புரூஃப் பார்த்தேன். நான்கு பக்கம், 86 அயிட்டம். கம்பம், கூடலூரிலிருந்து மலையேறி வருகிறவர்களும், தேக்கடி பார்க்க வரும் நம் ஊர்க்காரர்களும்தான் அதைப் படிப்பார்கள். சமையல் மலையாளச் சமையல், எழுத்து தமிழ். புதிதாக மெனு கார்டு பார்க்க உட்காருகிறவர்களுக்கு உதவும் என்று அந்தக் கார்டை வைத்தே செய்முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மெனு கார்டை கதை படிப்பது மாதிரி மேலிருந்து கீழே ஒரே தடவை படித்தால் பாதித் தப்பு கண்ணில் படாது. நான்கு தடவை படியுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க வேண்டும். கூடவே மூன்று பொருள் வேண்டும்: பில் மெஷினிலிருந்து எடுத்த விலைப் பட்டியல், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு. அப்புறம், சமையல் மாஸ்டரிடம் அரை மணி நேரம் பேச ஹோட்டல்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மூன்றரை, நான்கு மணிக்குப் போங்கள்.

முதல் வாசிப்பு: பெயர்கள்

விலை, விளக்கம் எதையும் பார்க்காமல் பெயர்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். வறுவல் ‘வருவல்’ ஆகியிருக்கும், பொரியல் ‘பொறியல்’ ஆகியிருக்கும். இவை எங்கேயும் வருகிற தப்புகள், சீக்கிரம் பிடித்துவிடலாம்.

எல்லைப் பக்கத்துக் கார்டுகளில் உள்ள சிக்கல் வேறு. மலையாளத்தில் ‘ஊண்’ என்றால் மதியச் சாப்பாடு. குமுளிக் கார்டில் அது ‘வெஜ் ஊன்’ என்று அச்சாகியிருந்தது. தமிழில் ஊன் என்றால் மாமிசம். ஒரே ஒரு ‘ண்’ மாறியதில் சைவச் சாப்பாட்டின் தலைப்பிலேயே மாமிசம் ஏறிவிட்டது. எழுத்தைத் திருத்தி ‘ஊண்’ என்று போட்டாலும் நம் ஆட்களில் எத்தனை பேருக்குப் புரியும்? அதனால் ‘சைவச் சாப்பாடு (ஊண்)’ என்று எழுதச் சொன்னேன்.

அதே மாதிரி ‘கறி’. அங்கே குழம்பு மாதிரி எது வைத்தாலும் கறிதான். கம்பத்துக்காரர் ‘கடலைக் கறி’ என்று படித்தால், கடலை போட்ட ஆட்டுக்கறியா என்று சப்ளையரைக் கேட்பார். இதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனாலும் புரூஃப் பார்க்கிறவர் கண்ணில் பட வேண்டிய இடம் இது. பெயரை மாற்றுகிற உரிமை நமக்குக் கிடையாது. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, ‘கீழே ‘கொண்டைக்கடலைக் குழம்பு, சைவம்’ என்று ஒரு வரி சேர்க்கலாமா?’ என்று எழுதி வையுங்கள். முடிவு ஹோட்டல்காரருடையது.

ஒரே பெயர் இரண்டு விதமாக வருகிறதா என்று பார்க்கத்தான் நோட்டு. முதல் பக்கத்தில் பரோட்டா, மூன்றாம் பக்கத்தில் புரோட்டா, நான்காம் பக்கத்தில் பொரோட்டா. மூன்றுமே வழக்கில் இருப்பவைதான், ஆனால் ஒரே கார்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒரு பெயர் முதல்முறை வந்ததும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை வேறு மாதிரி வந்தால் உடனே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த தமிழை எடுத்து டிசைன் மென்பொருளில் ஒட்டியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சில பழைய மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். கொத்து, தோசை, சேமியா, நெய் மாதிரி ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் சொற்களை மட்டும் தேடிப் பாருங்கள், போதும்.

இரண்டாம் வாசிப்பு: விலை

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். விலை தப்பினால் கல்லாவில் சண்டை வரும்.

குமுளிக் கார்டின் மூன்றாம் பக்கத்தில் மீன் அயிட்டங்கள் இப்படி இருந்தன:

```
மத்தி வறுவல்              120
நெய்மீன் பொள்ளிச்சது       320
(வாழை இலையில் வைத்தது)     280
கொஞ்சு ரோஸ்ட்             240
மீன் மொய்லி               180
கப்பா மீன் கறி             180
```

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. நெய்மீனுக்கு முழுசு 320, அரை 280 போலிருக்கிறது என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். ஆனால் எண்ணிப் பாருங்கள். அயிட்டம் ஐந்து, விலை ஆறு.

நடந்தது இதுதான். டி.டி.பி. போட்ட தம்பி பெயர்களை ஒரு பெட்டியிலும் விலைகளை இன்னொரு பெட்டியிலும் அடித்திருக்கிறார். பிறகு ஹோட்டல்காரர் நெய்மீனுக்கு ஒரு விளக்கம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பெயர்ப் பெட்டியில் ஒரு வரி கூடியது. அதற்குக் கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு வரி இறங்கின. விலைப் பெட்டி மட்டும் அசையவில்லை. 280 கொஞ்சுவின் விலை, இப்போது விளக்கத்துக்கு எதிரே நிற்கிறது. மொய்லியின் 240 கொஞ்சுவுக்குப் போய்விட்டது. கப்பாவின் 180 மொய்லிக்குப் போனது. கடைசி வரியில் விலை இல்லாததைப் பார்த்த தம்பி, கப்பாவுக்கு 180 என்று தெரிந்து அதை மறுபடி அடித்துவிட்டார். அவர் அடித்தது சரியான விலைதான், அதனால்தான் மேலே உள்ள தப்பு மறைந்துவிட்டது. இப்படியே அச்சாகியிருந்தால் கொஞ்சு ஒரு பிளேட்டுக்கு 40 ரூபாயும் மொய்லிக்கு 60 ரூபாயும் குறைத்து வாங்க வேண்டியிருந்திருக்கும். இல்லாவிட்டால் கார்டைக் காட்டிச் சண்டை போடுகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எண்ணுங்கள்: எத்தனை அயிட்டம், எத்தனை விலை. எண்ணிக்கை ஒத்துப்போனாலும் நிறுத்தாதீர்கள். பில் மெஷின் பட்டியலோடு ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். ஒருவர் கார்டைப் படிக்க, இன்னொருவர் பட்டியலில் டிக் போடுவது நல்லது. தனியாளாக இருந்தால் எக்செலில் முதல் வரியைத் தலைப்புக்கு விட்டு, A-யில் பெயர், B-யில் கார்டு விலை, C-யில் பில் விலை என்று அடித்து, D2-இல் இதைப் போட்டுக் கடைசி வரி வரை கீழே இழுங்கள்:

```
=IF(B2=C2,"","பார்")
```

‘பார்’ என்று வருகிற வரியில் எது சரி என்பதை ஹோட்டல்காரர்தான் சொல்ல வேண்டும். பில் மெஷினில் பழைய விலை கிடப்பதும் உண்டு.

அடுத்து ஸ்கேல். விலைகளின் கடைசி இலக்கத்தின் மேல் ஸ்கேலைச் செங்குத்தாக வையுங்கள். 90-இன் சைபரும் 320-இன் சைபரும் ஒரே கோட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தமிழில் ‘ர’ ஒல்லி, ‘ணை’ அகலம். ஸ்பேஸ் வைத்து நேர் செய்யவே முடியாது. பெயரையும் விலையையும் ஒரே வரியில் அடித்து, நடுவில் வலப்பக்க டேப் வைக்கச் சொல்லுங்கள், அல்லது டேபிளாகப் போடச் சொல்லுங்கள். அப்போது பெயர் இறங்கினால் விலையும் கூடவே இறங்கும்.

ரூபாய்க் குறி ₹ 2010-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஃபாண்டில் அது வெறும் கட்டமாக அச்சாகலாம். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் வாசிப்பு: ஒவ்வாமைக் குறிப்பு

இதை வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது, மாஸ்டரிடம் போக வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறையில் ஒவ்வாமை தரும் பொருள்களின் பட்டியல் இருக்கிறது: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி மாதிரியான கொட்டைகளும், சோயா, சல்ஃபைட். மெனுவில் இவற்றைக் காட்டுவது பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ளவர்களுக்கும் மத்திய உரிமம் வாங்கியவர்களுக்கும்தான் கட்டாயம். குமுளி ஹோட்டல் ஒற்றைக் கடை, அவர்களாகவே விரும்பிப் போட்டிருந்தார்கள். விரும்பிப் போட்டாலும் தப்பாகப் போடக்கூடாது. அதை நம்பிச் சாப்பிடப் போவது ஒவ்வாமை உள்ள ஆள்.

கார்டில் மீன் மொய்லிக்கு எதிரே பால் படம் இருந்தது, புளிசேரிக்கு எதிரே இல்லை. இரண்டுமே தப்பு. மொய்லியில் ஊற்றுவது தேங்காய்ப்பால். ‘பால்’ என்ற சொல்லைப் பார்த்ததும் டிசைன் செய்தவர் மாட்டுப்பால் படத்தை வைத்துவிட்டார். புளிசேரியில் ‘புளி’ இருப்பதால் புளிக்கரைசல் என்று நினைத்திருக்கிறார். உண்மையில் அது புளித்த மோரில் செய்வது. பால் ஒவ்வாமை உள்ளவர் கார்டை நம்பி மொய்லியை விட்டுவிட்டுப் புளிசேரியைக் கேட்டிருப்பார்.

ரசத்துக்குப் பக்கத்தில் ‘கோதுமை இல்லை’ என்று போட்டிருந்தார்கள். மாஸ்டரிடம் கேட்டேன்.

“மாஸ்டர், ரசத்துல மைதா, கோதுமை ஏதாவது சேருமா?”

“ரசத்துல யாருண்ணே மைதா போடுவா?”

“பெருங்காயம் எந்த டப்பா?”

எடுத்துக் காட்டினார். டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மாவு கலந்திருக்கும். சிலவற்றில் அரிசி மாவு, சிலவற்றில் கோதுமை மாவு. எனவே பெருங்காயம், மசாலாப் பொடி, சாஸ் மூன்றின் டப்பாக்களையும் கையில் வாங்கிப் படியுங்கள். மாஸ்டர் பொய் சொல்லவில்லை. டப்பாவுக்குள் இருப்பது அவர் போடுகிற கணக்கில் வராது, அவ்வளவுதான்.

‘இல்லை’ என்று எழுதியிருந்தால் எப்போதும் கேள்விக்குறி போடுங்கள். மைதா மாவில் தோய்த்த பழம்பொரி பொரித்த எண்ணெயில்தான் பப்படமும் பொரிகிறது. ஆம்லெட் போட்ட கல்லில்தான் தோசை வார்க்கிறார்கள். ‘பால் உண்டு’, ‘கோதுமை உண்டு’ என்று எழுதலாம். ‘இல்லை’ என்று எழுத வேண்டுமானால் தனிச் சட்டி, தனிக் கல் வேண்டும். கார்டின் அடியில் ‘எல்லா உணவுகளும் ஒரே அடுக்களையில் தயாராகின்றன, ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.

நான்காம் வாசிப்பு: விளக்கங்கள்

இது சுலபம். ஒரே அயிட்டம் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டு விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை உணவில் ‘ஆப்பம், 2 எண்ணம்’, இரவு உணவில் ‘ஆப்பம், 3 பீஸ்’, ஆனால் விலை ஒன்று. எண்ணமா பீஸா என்பது நடைப் பிரச்சினை, நோட்டைப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இரண்டா மூன்றா என்பது ஹோட்டல்காரர் சொல்ல வேண்டியது. சில அயிட்டத்துக்கு மட்டும் ‘தேங்காய் எண்ணெயில் செய்தது’ என்று போட்டிருந்தால், மற்றவை வேறு எண்ணெய் என்று ஆகிவிடும். அது உண்மையா என்று கேளுங்கள்.

திருத்தம் எல்லாம் போட்டு இரண்டாம் புரூஃப் வந்ததும், திருத்திய வரியோடு நிறுத்தாமல் அதற்கு மேலே ஒரு வரி, கீழே பகுதி முடியும் வரை பாருங்கள். குமுளிக் கார்டில் ‘கொண்டைக்கடலைக் குழம்பு, சைவம்’ என்ற வரியைச் சேர்த்ததும், முதல் பக்கத்தில் முட்டை ரோஸ்ட்டிலிருந்து கீழே எல்லா விலையும் ஒரு வரி தள்ளி நின்றது. அந்தப் பக்கத்தை மட்டும் தம்பி டேபிளாக மாற்றாமல் விட்டிருந்தார்.