சிவப்பு ஒளிச் சிகிச்சை: கிட்டப்பார்வைக் குழந்தைகளின் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளின் கண் பரிசோதனைதான் என் தினசரி வேலை. சிவப்பு ஒளிக் கருவியைப் பற்றி விசாரிக்கும் பெற்றோரும், எங்களிடம் புதிதாகச் சேரும் இளம் பரிசோதகர்களும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். 2022இல் சீனாவிலிருந்து முதல் பெரிய ஆய்வு முடிவு வந்தபோது எங்கள் துறையில் பலரும் இடறிய இடம் அது: பலனை மட்டும் பார்த்து, விழித்திரையைப் பார்க்க மறப்பது. கைப்பேசியைக் குறைப்பது, வெயிலில் விளையாடவிடுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சிகிச்சை இதுதான். மேசையில் வைக்கும் ஒரு கருவிக்குள் குழந்தை 3 நிமிடம் பார்க்க வேண்டும். உள்ளே சுமார் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இடையே குறைந்தது 4 மணி நேர இடைவெளி, வாரத்துக்கு 5 நாட்கள். சீனாவில் சோம்பேறிக் கண்ணுக்காகப் பயன்பட்டுவந்த கருவி இது. கிட்டப்பார்வையை ஏற்றும் கண் நீட்சியையும் இது மெதுவாக்குகிறது என்று தெரிந்ததும் கிட்டப்பார்வைக்குத் திருப்பப்பட்டது.

முதல் ஆண்டுக் கணக்கோடு நிறுத்திக்கொள்வது

அந்த 2022 ஆய்வில் 8 முதல் 13 வயது வரையிலான 264 குழந்தைகள் இருந்தார்கள். ஓர் ஆண்டில், சாதாரணக் கண்ணாடி மட்டும் அணிந்தவர்களின் கண் சராசரியாக 0.38 மில்லிமீட்டர் நீண்டது. சிவப்பு ஒளி பெற்றவர்களுக்கு 0.13 மட்டுமே. பவர் முன்னவர்களுக்கு 0.79 ஏறியது, பின்னவர்களுக்கு 0.20. பலன் உண்மையானது, பெரியது. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒப்பீடு சாதாரணக் கண்ணாடியோடு நடந்தது என்பதைக் கவனியுங்கள். கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்தும் தனி வகைக் கண்ணாடிகளும், குறைந்த அடர்த்தி அட்ரோபின் சொட்டு மருந்தும் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் பதில் இல்லை.

இரண்டாம் ஆண்டுக் கணக்கு இன்னும் முக்கியம். ஓராண்டுக்குப் பிறகு சிவப்பு ஒளியை நிறுத்திய குழந்தைகளின் கண் அடுத்த ஆண்டில் 0.42 மில்லிமீட்டர் நீண்டது. தொடக்கத்திலிருந்தே சாதாரணக் கண்ணாடி மட்டும் அணிந்தவர்களுக்கு அது 0.28தான். அதாவது முதல் ஆண்டில் மிச்சப்படுத்திய 0.25இல் பாதிக்கு மேல் கரைந்துபோனது. ஆகவே தொடங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை ஆண்டுகள் தொடர்வோம், எப்படி நிறுத்துவோம்?

“கண் சுருங்கிவிட்டது” என்று மகிழ்வது

விழித்திரைக்குப் பின்னாலுள்ள கோராய்டு படலம் இந்த ஒளியால் தடிக்கிறது. அது விழித்திரையைச் சற்று முன்னே தள்ளுவதால் அளக்கும் கருவி கண்ணின் நீளத்தைக் குறைவாகக் காட்டும். சுருங்கியதாகத் தெரிவதில் ஒரு பங்கு இதுதான்.

பலனை மட்டும் அளந்து, விழித்திரையைப் பார்க்காமல் விடுவது

இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இது.

சீனாவில் வேலை பார்க்கும் மாமா வாங்கி அனுப்பிய கருவியைச் சில மாதங்களாகப் பயன்படுத்திவந்த ஒரு பையனை அவன் தாய் அழைத்து வந்தார். “பவர் ஏறவே இல்லை, மேடம். நல்லபடியாகப் போகிறது” என்றார். கையில் இருந்த கோப்பில் பவரும் கண்ணின் நீளமும் மாதவாரியாக அழகாக எழுதப்பட்டிருந்தன. விழித்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பையனிடம் கேட்டேன்: “ஒளியைப் பார்த்து முடித்ததும் கண்ணுக்குள் ஒரு புள்ளி நிற்குமே, எவ்வளவு நேரம் நிற்கும்?” அவன் யோசிக்கவே இல்லை. “முன்பெல்லாம் சீக்கிரம் போய்விடும். இப்போது குளித்துவிட்டு வந்தாலும் இருக்கிறது.” தாய் அதிர்ந்துபோனார். அதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

அன்றே நிறுத்தச் சொன்னோம். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவை, அதன் அடுக்குகளைப் படமாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்தோம். தெளிவான சேதம் எதுவும் தெரியவில்லை. ஆனால் சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேன் கிடையாது. நுண்ணிய மாற்றம் ஏதும் நடந்திருக்கிறதா என்று ஒப்பிட வழியே இல்லாமல் போயிற்று. அந்த ஒரு ஸ்கேனை எடுத்திருந்தால் தாயின் பல வாரத் தவிப்பைத் தவிர்த்திருக்கலாம்.

இது வீண் பயம் அன்று. 2023இல் ஜாமா ஆப்தல்மாலஜி இதழில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது. 5 மாதச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு கண்களிலும் பார்வை மங்கியது. கண்ணாடி அணிந்தும் 6/9 அளவுக்குத்தான் தெரிந்தது. ஓசிடியில், கூர்மையான பார்வைக்குரிய மையத்தில் ஒளியுணர் செல்களின் அடுக்கு குலைந்திருந்தது. ஒளியை நிறுத்திச் சில மாதங்கள் கழித்து ஓரளவு தேறியது, முழுமையாக அன்று. 2025இல் அதே இதழில் வந்த மற்றோர் ஆய்வு, ஓராண்டுக்கு மேல் இந்தச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் மாக்குலாவில், நிறத்தையும் நுணுக்கத்தையும் உணரும் கூம்புச் செல்களின் அடர்த்தி குறைந்திருப்பதைக் காட்டியது.

“ஆனால் இது மிதமான ஒளிதானே, முதல் வகுப்பு லேசர் என்று எழுதியிருக்கிறதே” என்பார்கள். லேசர்களில் மிகப் பாதுகாப்பானவை என்று கருதப்படும் வகுப்பு அது. அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் அந்த வகுப்பைச் சேர்ந்த இரண்டு கருவிகளை அளந்து பார்த்தார்கள். தொடர்ந்து 3 நிமிடம் பார்த்தால் விழித்திரைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவை எட்டுகிறது அல்லது தாண்டுகிறது என்று 2024இல் எழுதினார்கள். தற்செயலாகக் கண்ணில் படும் ஒளிக்கும், வேண்டுமென்றே அசையாமல் உற்றுப் பார்க்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த முத்திரை உங்களுக்குச் சொல்லாது.

விழித்திரைக்கு வலி தெரியாது. கண் சிவக்காது, நீர் வடியாது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது ஒரு கண்ணின் மங்கலைக் குழந்தை உணராமலே போகலாம். எனவே தொடங்கும் முன் மாக்குலா ஓசிடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு கண்ணை மூடி, கண்ணாடியோடு, மறு கண்ணால் நாட்காட்டியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்குள் நிற்கும் புள்ளி எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று ஒவ்வொரு முறையும் குழந்தையிடம் கேட்டு எழுதுங்கள். சில நிமிடங்களில் மறைவது இயல்பு. அந்த நேரம் நீண்டுகொண்டே போனால், மங்கல் தெரிந்தால், நடுவில் இருள் தெரிந்தால், அன்றைய வேளையைக்கூட முடிக்காமல் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள்.

அட்ரோபினால் விரிந்த கண்பாவையோடு ஒளியைப் பார்ப்பது

பாவை விரிந்தால் உள்ளே போகும் ஒளி கூடும். இரண்டையும் சேர்க்கும் முடிவை வீட்டில் எடுக்காதீர்கள்.

இணையத்தில் கருவி வாங்குவது

வேண்டாம். சீனாவே இந்த லேசர் கருவிகளை மிகக் கடுமையான கண்காணிப்புக்குரிய மூன்றாம் வகுப்பு மருத்துவக் கருவிகளாக மாற்றியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பதிவு இல்லாமல் அங்கே தயாரிக்கவோ விற்கவோ முடியாது. பழைய சரக்கு எங்கே போகும் என்று யோசியுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே தராசு

மெதுவாக ஏறும் பவருள்ள 11 வயதுக் குழந்தைக்கு இந்த அபாயத்தை ஏற்கக் காரணமே இல்லை. தனி வகைக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும். 7 வயதிலேயே வேகமாக ஏறி, அந்த இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தியும் கண் நீண்டுகொண்டே போகிற குழந்தையின் நிலை வேறு. உயர் கிட்டப்பார்வை பிற்காலத்தில் விழித்திரையைக் கிழிக்கக்கூடும், மாக்குலாவை நலிவடையச் செய்யக்கூடும். அங்கே மட்டும், ஓசிடி வசதியுள்ள மருத்துவமனையில், விழித்திரை மருத்துவரும் உடனிருக்க, இந்தச் சிகிச்சையைப் பேசலாம். அப்போதும் தன் கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்று தெளிவாகச் சொல்லத் தெரியாத சிறு குழந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று நம்புவது

முடியாது. நீண்ட கண் நீண்டதுதான்.