சனியின் வளையம்: நான் செய்த தவறுகளை நீ செய்யாதே

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள தோழிக்கு,

நேற்று ராத்திரி சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டேன்! அதற்கு முன்னால் இரண்டு ராத்திரி வீணாகப் போயிற்று. உன் டெலஸ்கோப் அடுத்த வாரம் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

என்னுடையதும் உன்னுடையதைப் போலத்தான்: 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம், கூடவே கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ் 20, 10, 4 மி.மீ. என்று மூன்று. எண் குறைந்தால் உருவம் பெரிதாகும் என்று படித்திருந்ததால் நேராக 4-ஐ மாட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175 மடங்கு. நம் லென்ஸ் தாங்குவது அதன் மி.மீ. அளவைப் போல இரண்டு பங்கு, அதாவது 140 வரைதான். அதற்கு மேலே போனால் உருவம் பெரிதாகும், மங்கும், புதிதாக எதுவும் தெரியாது. பூமி சுழல்வதால் சனி ஒரு நிமிடத்துக்குள் பார்வையை விட்டு நழுவியும் விடும். மாடியில் அம்மா நடந்தால்கூடப் படம் குதித்தது.

மறுநாள் 20-ஐ மாட்டினேன். பெரிய மஞ்சள் வட்டம் தெரிந்தது, வளையம் இல்லை. “இதுதான் சனிப்பா, வளையம் மட்டும் காணோம்” என்றேன். அப்பா எதுவும் சொல்லாமல் பக்கத்தில் இருந்த ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்பினார். அதுவும் அதே மாதிரி வட்டம்! ஃபோகஸ் விலகினால் எந்த வெளிச்சமும் இப்படி உப்பிவிடும். ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்பு. வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், தாண்டினால் மறுபடி உப்பும். மிகச் சின்னதாக இருக்கும் இடம்தான் சரி.

ஃபோகஸ் சரியான பிறகும் உருவம் கொதிக்கிற பால் மாதிரி தளும்பியது. பகல் வெயிலில் சூடான கான்கிரீட் தரை ஏழு மணிக்கும் அனலை விட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். நேற்று டெலஸ்கோப்பை அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் பார்த்தேன்.

குறிபார்க்க டெலஸ்கோப்பின் மேலே இருக்கும் ஃபைண்டரைப் பகலிலேயே தூரத்து மொபைல் டவரைப் பார்த்துச் சரிசெய்துவிடு. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பாதே.

அப்புறம், 20-இல் சனியை நடுவில் கொண்டுவந்து, 10-ஐ மாட்டினேன். 70 மடங்கு. எள் அளவுதான் இருந்தது, வெளிர் மஞ்சள். இரண்டு பக்கமும் மெல்லிய காது. காதுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு துளி கறுப்பு. மூச்சே நின்றுவிட்டது. 1610-இல் கலீலியோ இந்தக் காதுகளைத்தான் தனித்தனி உருண்டைகள் என்று நினைத்தார்.

படங்களில் வருவதுபோல அகலமான வளையத்தை எதிர்பார்க்காதே. 2025 மார்ச்சில் வளையம் விளிம்பை நமக்குக் காட்டித் திரும்பியது. இப்போது மெல்லத்தான் விரிகிறது, 2032 வாக்கில்தான் நன்றாகத் திறக்கும்.

பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது, சனியின் நிலா டைட்டன். அது சனியைச் சுற்ற 16 நாள் ஆகுமாம். இன்றைக்கு எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்க்க, டெலஸ்கோப்பை இப்போதே மாடியில் வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பேனாத் தோழி