‘இலங்கைக்கு நம்பர் 1 விபிஎன்’: தரவரிசைப் பட்டியலை நம்பும்போது நாம் விடும் தவறுகள்

அக்காவின் மகன் வெள்ளவத்தையில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வடிவமைப்பு வேலை செய்கிறான். அண்மையில் ஒரு விபிஎன்னுக்கு இரண்டு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டு வந்து, “மாமா, நாலு லிஸ்ட் பார்த்தனான், நாலிலயும் இதுதான் முதலாவது. பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு ஒண்டும் அசையுதில்லை” என்றான்.

எங்களில் பலருக்கு விபிஎன் என்ற சொல் அறிமுகமானது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட நாட்களில்தான். 2018 மார்ச், 2019 ஏப்ரல், பிறகு 2022 ஏப்ரல். நம் இணைப்பை வேறொரு நாட்டிலுள்ள சேர்வர் ஊடாகச் சுற்றிவிடும் சேவை அது. நல்லதா கெட்டதா என்று கையில் எடுத்துப் பார்க்க முடியாத பொருள் என்பதால் எல்லோரும் கூகுளில் ‘சிறந்த விபிஎன்’ என்று தேடி, வருகிற பட்டியலில் முதலாவதை வாங்குகிறோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படியான பட்டியல்கள் எழுதும் இடமொன்றில் நானும் கொஞ்சக் காலம் வேலை பார்த்தவன். காலையில் ஒரு எக்செல் தாள் வரும். எந்தப் பிராண்ட் எத்தனையாவது இடம் என்று அதில் ஏற்கனவே போட்டிருக்கும். அந்த இடம் ஏன் நியாயமானது என்று 800 சொற்களில் எழுதுவதுதான் என் வேலை. பல பொருட்களை நான் நிறுவிப் பார்த்தது கூட இல்லை. ஆகவே கீழே எழுதுவதில் கொஞ்சம் பாவமன்னிப்பும் இருக்கிறது.

முதல் தவறு, ‘எங்கள் இணைப்பு வழியாக வாங்கினால் எங்களுக்குக் கொமிஷன் கிடைக்கும்’ என்ற அறிவிப்பைப் பிழையாகப் படிப்பது. சிலர் அதைப் பார்த்ததும் “வெளிப்படையாகச் சொல்கிறார்கள், நேர்மையானவர்கள்” என்று நினைக்கிறார்கள். சிலர் உடனே “காசுக்கு எழுதுகிறான்” என்று மூடிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். ஒழுங்காகப் பரிசோதிக்கும் தளங்களும் கொமிஷனில்தான் ஓடுகின்றன. நியூயோர்க் டைம்ஸ் 2016இல் வாங்கிய வயர்கட்டர் அதற்கு உதாரணம். கொமிஷன் வருகிறதா என்பது பிரச்சினையே இல்லை. அது வரிசையைத் தீர்மானிக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அப்படித் தீர்மானிப்பது வெறும் சந்தேகம் அல்ல. அமெரிக்காவில் மாணவர் கடன்களைத் தரவரிசைப்படுத்திய லெண்ட்எடு என்ற தளம், தன் பட்டியல் பக்கச்சார்பற்றது என்று சொல்லிக்கொண்டே இடங்களைக் காசுக்கு விற்றது என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2020இல் 350,000 டொலர் செலுத்த ஒப்புக்கொண்டு தளம் விடயத்தை முடித்தது.

விபிஎன் விடயத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சுவீடனின் முல்வாட் என்ற சேவை யாருக்கும் கொமிஷன் கொடுப்பதில்லை. விமர்சனத்துக்கும் காசு கொடுப்பதில்லை. மாதம் 5 யூரோ, வருடக்கணக்கில் கட்டினாலும் அதே 5 யூரோதான், அதற்கென்று விலைக்கழிவு கிடையாது. தனியுரிமைபற்றி அக்கறையுள்ளவர்கள் மத்தியில் அதற்கு நல்ல பெயர். ஆகவே ‘தனியுரிமைக்குச் சிறந்தவை’ என்று ஒரு பட்டியல் வந்தால் அதில் முல்வாட்டைத் தேடுங்கள். முன்வரிசையில் இருந்தால், தனக்கு ஒரு சதமும் தராத பிராண்டையும் பாராட்டும் தளம் அது. பட்டியலில் பேச்சுமூச்சே இல்லையென்றால், ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் படம் பார்ப்பதற்கான பட்டியலில் அது இல்லாமல் இருப்பதில் தவறில்லை. முல்வாட் அந்த வேலைக்குப் பெயர்போனது அல்ல.

‘வாங்க’ என்ற பொத்தானை போனில் அழுத்திப் பிடித்தால் இணைப்பின் முழு முகவரியும் தெரியும். பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

```
https://example.com/go/vpn1?aff_id=4821&sub=top1
```

இதில் `aff_id` என்பது கொமிஷன் யாருக்கு என்று காட்டும் எண். அது இருப்பது மட்டும் குற்றம் ஆகாது. பட்டியலில் உள்ள பத்துப் பிராண்டுகளில் இப்படியான இணைப்பு உள்ளவை எல்லாம் மேலேயும், இல்லாதவை எல்லாம் கீழேயும் இருந்தால் வரிசை எதை வைத்துப் போடப்பட்டது என்று ஊகிக்கலாம்.

இரண்டாவது, தளத்தின் சொந்தக்காரர் யார் என்று பார்க்காமல் விடுவது. இத்துறையில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. கேப் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் எக்செஸ் என்ற இரண்டு விபிஎன் சேவைகளை ஏற்கனவே வைத்திருந்தது. 2021இல் விபிஎன்மென்டர், விஸ்கேஸ் என்ற இரண்டு தரவரிசைத் தளங்களை நடத்திய நிறுவனத்தையும் அது ஏறத்தாழ 149 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதே வருடம் எக்ஸ்பிரஸ் விபிஎன்னும் அதன் கைக்குள் வந்தது. அதாவது ஓடுகிற குதிரைகளில் மூன்றும் நடுவரும் ஒரே வீட்டுக்காரர். இதை அவர்கள் மறைக்கவும் இல்லை, தளத்திலேயே உரிமைபற்றிய குறிப்பைப் போட்டிருக்கிறார்கள். அதைத் தேடிப்போய் வாசிப்பவர்கள்தான் குறைவு. பக்கத்தின் அடியில் ‘எங்களைப் பற்றி’, ‘விளம்பர அறிவிப்பு’ என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

மருமகன் சொன்ன ‘நாலு லிஸ்ட்’ கணக்கும் இங்கேதான் சறுக்குகிறது. நாலு தளம் ஒரே வரிசையைச் சொன்னால் அது நாலு சாட்சி என்று ஆகாது. நாலும் ஒரே முதலாளியுடையதாக இருக்கலாம், அல்லது நாலுக்கும் ஒரே பிராண்ட்தான் அதிக கொமிஷன் கொடுக்கலாம்.

மூன்றாவது தவறு எண்களைக் கண்டு மயங்குவது. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப்பற்றித்தான். அவன் நம்பிய பட்டியலை மேசையில் வைத்து இருவரும் பார்த்தோம். ‘இலங்கையில் இருந்து பரிசோதித்தோம்’ என்று தலைப்பு. கீழே அழகான அட்டவணை: லண்டன் சேர்வர் தாமதம் 41 மில்லிசெக்கன், சிங்கப்பூர் 188 மில்லிசெக்கன்.

தாமதம் என்பது நாம் அனுப்பும் ஒரு சிறு தகவல் சேர்வருக்குப் போய்த் திரும்பிவர எடுக்கும் நேரம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிசெக்கனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான் ஓடும். கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீற்றர். போய்வர 17,400. 200ஆல் பிரித்தால் 87 மில்லிசெக்கன். உலகில் எந்த விபிஎன்னாலும் இதற்குக் கீழே போக முடியாது. கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இதைவிட நன்றாகவே கூடும். அப்படியானால் 41 எங்கிருந்து வந்தது? சிங்கப்பூர் நம்மிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர்தான், அதற்கான எல்லை 27. அவர்கள் அட்டவணையிலோ லண்டன் கிட்டவும் சிங்கப்பூர் தூரத்திலும் இருக்கிறது. பரிசோதித்தவர் ஐரோப்பாவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கொழும்பை அவர் வரைபடத்தில் மட்டும் பார்த்திருக்கக்கூடும்.

இதே கணக்கை ‘இந்திய சேர்வர்’ என்ற இடத்திலும் போட்டுப் பார்க்கலாம். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் சேமித்து வைக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவிட்டது. அதன் பிறகு எக்ஸ்பிரஸ், நோர்ட், சர்ஃப்ஷார்க் உட்படப் பல சேவைகள் இந்தியாவிலிருந்த சேர்வர்களை எடுத்துவிட்டன. சில சேவைகளில் இன்று ‘இந்தியா’ என்று தெரிவது சிங்கப்பூர் போன்ற இடங்களிலிருக்கும் சேர்வரின் இந்திய முகவரி. அதனால் மோசம் என்று இல்லை, வேலைக்கு உதவும். ஆனால் சென்னை கொழும்பிலிருந்து 700 கிலோமீற்றருக்குள். அங்கே ஒரு சேர்வர் உண்மையாகவே இருந்தால் தாமதம் சிங்கப்பூரைவிடத் தெளிவாகக் குறைய வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் சேர்வர் இந்தியாவில் இல்லை என்று சந்தேகிக்கலாம். உண்மையாகச் சோதித்தவர் இதைக் கவனித்து எழுதியிருப்பார். ‘அயலில் இந்திய சேர்வர், மின்னல் வேகம்’ என்று மட்டும் எழுதியவர் நிறுவனத்தின் விளம்பரத் தாளைப் பார்த்து எழுதியவர்.

வேக அட்டவணையில் இன்னொன்று பார்க்க வேண்டும்: விபிஎன் இல்லாதபோது இணைப்பின் வேகம் என்ன? அது இல்லாமல் ‘92 எம்பிபிஎஸ்’ என்பதற்குப் பொருளே இல்லை. 100இலிருந்து 92க்கு இறங்கியதா, 900இலிருந்து இறங்கியதா? எத்தனை தடவை, நாளின் எந்த நேரத்தில் அளந்தார்கள் என்பதும் இருக்க வேண்டும். மருமகனின் பிரச்சினை இரவு நேரத்தில்தானே.

நான்காவது, நாட்டின் பெயர் தலைப்பில் இருப்பதை நம்புவது. அந்தத் தளத்திலேயே இலங்கைக்குப் பதிலாக நேபாளம் என்று தேடச் சொன்னேன். பிறகு உகண்டா. அதே மூன்று பிராண்ட், அதே வரிசை, அதே வாக்கியம், நாட்டின் பெயர் மட்டும் மாறியிருந்தது. ஓரிடத்தில் இலங்கைப் பக்கத்திலேயே ‘நேபாள வாசகர்களுக்கு’ என்று மாற்ற மறந்துபோயிருந்தார்கள். அவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தான்.

குறைகள் என்ற பகுதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதலாவது 9.9, ஐந்தாவது 9.5, எல்லோரின் குறையும் ‘விலை சற்று அதிகம்’ என்றால் யாரும் தோற்காத போட்டி அது. திகதியும் அப்படித்தான், ‘இந்த மாதம் புதுப்பிக்கப்பட்டது’ என்பது தானாக மாறும் எழுத்தாக இருக்கலாம். web.archive.org இல் அந்தப் பக்கத்தின் பழைய பிரதியைத் திறந்தால் போன வருடம் யார் முதலிடம் என்று தெரியும். வரிசை மாறியிருந்தால், என்ன பரிசோதனையில் மாறியது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மருமகனுக்கு 30 நாள் பணம் திரும்பும் உத்தரவாதம் இருந்தது. அன்று 26ஆவது நாள். அரட்டைப் பெட்டியில் ஒரு மணி நேரம் மன்றாடிக் காசைத் திருப்பி எடுத்தான். அப்புறம் இரண்டு சேவைகளை ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, இரவு எட்டு மணிக்கு, முதலில் விபிஎன் இல்லாமல், பிறகு சிங்கப்பூர் ஊடாக, ஒவ்வொன்றும் மூன்று தடவை என்று ஐந்து நாள் அளந்து தாளில் எழுதினான். இப்போது பாவிப்பது அந்தப் பழைய பட்டியலில் ஏழாவதாக இருந்தது. அதற்கு மட்டும் ‘வாங்க’ பொத்தான் இருக்கவில்லை.