முன்பக்கம் கிளைசினேட், பின்பக்கம் ஆக்சைடு

ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். அதில் பல வகை உண்டு; கடையில் கிடைத்த மெக்னீசியம் ஆக்சைடை வாங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீராகப் போனது. பாலை நிறுத்தினேன், தண்ணீர் கேனை மாற்றினேன், பலனில்லை. ஆக்சைடு சரியாகக் கரையாது, உடம்பில் கொஞ்சம்தான் சேரும், மிச்சம் குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கும் என்றார் டாக்டர். சிட்ரேட் அதைவிட நன்றாகச் சேரும், ஆனால் அதுவும் மலத்தை இளக்கும். மலச்சிக்கல் இருப்பவர்களுக்கு அதுவே உதவி. எனக்கு, வயிற்றை அவ்வளவாகப் படுத்தாத கிளைசினேட் வகையை எழுதினார்.

மாறியும் ஒரு வாரம் அதே கதை. பிறகுதான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ‘பஃபர்டு’, அதாவது கலப்பு; சேர்மானத்தில் மெக்னீசியம் ஆக்சைடு! கணக்கும் காட்டிக்கொடுத்தது. கிளைசினேட்டின் எடையில் சுமார் 14 சதவீதம்தான் மெக்னீசியம், ஆக்சைடில் 60. ஆக, டப்பாவில் ஒரு மாத்திரைக்கு என்று போட்டிருந்த 400 மி.கி. மெக்னீசியத்துக்குச் சுத்த கிளைசினேட் கிட்டத்தட்ட 3 கிராம் வேண்டும். அது ஒரே மாத்திரையில் அடங்காது.

ஆக்சைடு கலக்காததை வாங்கி, டாக்டர் சொன்னபடி காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் 100 மி.கி. எடுத்தேன். இரண்டே நாளில் வயிறு கட்டுக்குள் வந்தது, அப்பாடா! அளவு கூடினால் இதுவும் இளக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த வகையையும் தொட வேண்டாம்; மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கிவிடும்.