ஏடிஆர் வச்சு ஸ்டொப் லொஸ் போடேக்க கனபேர் விடுற பிழையள்

கொக்குவிலில இருக்கிற என்ர மச்சான் கொழும்பு பங்குச்சந்தையில பங்கு வேண்டி விக்கிறவன், போன கிழமை தன்ர கொப்பியக் கொண்டந்து காட்டினான். ஒவ்வொரு பங்குக்கும் ஏடிஆர், அதாவது விலை ஒரு நாளில சராசரியா எவ்வளவு ஆடுது எண்ட கணக்கை எழுதி, அதின்ர ரெண்டு மடங்கை வேண்டின விலையில இருந்து கழிச்சு, அந்த விலைக்கு விழுந்தா வித்துப்போட்டு வெளிய வாறதுக்கு ஸ்டொப்பும் வடிவாப் போட்டிருக்கு, ஆனா எத்தினை பங்கு எண்ட இடத்தில எல்லாத்துக்கும் 1000 தான்.

பெரிய பிழையே இதுதான். கணக்கைப் பாருங்கோ. அவன்ர காசு 5 லட்சம், ஒரு தரத்தில 1 வீதம், அதாவது 5000 ரூபாக்கு மேல நட்டப்படக் கூடாது எண்டு வச்சிருக்கிறான். 100 ரூபாப் பங்கு ஒண்டுக்கு ஏடிஆர் 2.50 எண்டா ஸ்டொப் 5 ரூபா கீழ, 95ல வரும், 5000ஐ 5ஆல பிரிச்சா 1000 பங்கு, சரி. ஆனா அதே விலையில ஏடிஆர் 5 ஆ இருக்கிற பங்குக்கு ஸ்டொப் 90ல வரும், அதுக்கு 500 பங்கு தான் வேண்டலாம். அவன் அதிலயும் 1000 வேண்டி இருக்கிறான், ஸ்டொப் அடிச்சா 10,000 போகும். கூட ஆடுற பங்குக்கு ஸ்டொப்ப மட்டும் தள்ளி வச்சா காணாது, எண்ணிக்கையையும் அதே அளவுக்குக் குறைக்கோணும்.

அடுத்தது செலவு. எங்கட சந்தையில சாதாரணமா வேண்டேக்க 1.12 வீதம், விக்கேக்க 1.12 வீதம் போகுது. 100க்கு வேண்டி 95க்கு வித்தா பங்குக்கு 2.18 ரூபா அதுக்கே போயிடும், அப்ப உண்மையான நட்டம் 5 இல்ல, 7.18. அதால பிரிச்சா 696 பங்கு தான் வருது, 1000 இல்ல!

எக்செல்லில தானே ஏடிஆர் கணக்குப் போடுறவை அண்டைக்கு உச்ச விலையில இருந்து குறைஞ்ச விலையை மட்டும் கழிச்சு விடுவினம். நேற்று 104ல முடிஞ்ச பங்கு இண்டைக்கு 101க்கும் 99க்கும் இடையில மட்டும் ஆடினா அந்தக் கணக்கு 2 எண்டு சொல்லும், ஆனா நேற்றைய முடிவு விலையில இருந்து பாத்தா 5 ரூபா அசைஞ்சிருக்கு. வைல்டர் 1978ல இதைக் கொண்டு வரேக்கயே முந்தின நாள் முடிவு விலையையும் சேர்த்துத் தான் வச்சவர். அதை விட்டா ஏடிஆர் சின்னனா வரும், ஸ்டொப் கிட்ட வந்து சும்மா சும்மா அடிபடும், பங்கும் கூட வேண்டுப்படும்.

கடைசியா ஒண்டு, எனக்குக் கவலையானது. 100க்கு வேண்டி 95ல ஸ்டொப், விலை 96க்கு விழுந்திட்டுது, விழேக்க ஏடிஆரும் 3.50க்கு ஏறீட்டுது, உடன மச்சான் "இப்ப ரெண்டு மடங்கு 7 எல்லோ" எண்டு ஸ்டொப்ப 93க்கு இறக்கினான். 5000 நட்டம் 7000 ஆச்சு, செலவு வேற. வேண்டேக்க இருந்த ஏடிஆரை அப்பிடியே வச்சிருங்கோ, விலை ஏறினா ஸ்டொப்ப மேல கொண்டு போகலாம், கீழ இறக்கவே கூடாது, புது ஏடிஆர் அடுத்த முறை வேண்டேக்க எத்தினை பங்கு எண்டு பாக்கிறதுக்கு.